பேய் எழுதிய புகார்க் கடிதம்: சிரிப்பு வராததை எப்படிச் சரிசெய்தேன்

பாளையங்கோட்டை ஃப்ளாட் ஒன்றில் நடப்பதாக நான் எழுதும் பேய்க்கதையில், வீட்டுக்காரருக்குப் பேய் எழுதும் கடிதம் முதல் வரைவில் சிரிப்பே தரவில்லை. "ரத்தம் குடிப்பேன்" என்று மிரட்டியதுதான் கோளாறு. மிரட்டினால் பேயின் கை ஓங்கிவிடும். புகார் சொல்பவரோ கேட்டுப் பெற வேண்டியவர். மிரட்டலை வெட்டிவிட்டு, குடியிருப்பவரின் அன்றாடக் குறை ஒன்றை மட்டும் வைத்தேன்:

"அண்ணாச்சி, ராத்திரி 12 மணிக்கு மேல்வீட்டுக்காரவ மோட்டார் போடுதாவ. நான் அலறுதது ஒருத்தர் காதுலயும் விழமாட்டேங்கு. 30 வருசமா இங்கதான் இருக்கேன், ஒரு குறை சொன்னதில்ல. சாயங்காலமே போடச் சொல்லுங்க."

'அலறுதது' ஒன்றுதான் பேயைக் காட்டுகிறது. அதைக் கடைசி வரிக்குத் தள்ளிப் பார்த்தேன், விடுகதைபோல் ஆகிவிட்டது. நடுவில், சாதாரணப் பேச்சாக வரும்போதுதான் சிரிப்பு வருகிறது.