முன்பின் தெரியாதவருக்கு முதல் மெயில்: ஒரு பெட்டி விற்ற கதையோடு படிப்படியாக

ஈரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். எங்களுக்கு வரும் ஆர்டரில் பாதி தெரிந்தவர்கள் சொல்லி வருவது, மீதி நானே முன்பின் தெரியாதவர்களுக்கு மெயில் எழுதிப் பிடித்தது. ஆரம்பத்தில் இதைத் தப்பாகத்தான் செய்தேன். அங்கங்கே திரட்டிய இருநூறு முகவரிகளை மொத்தமாக BCC-யில் ஒட்டி, "எல்லா வகை அட்டைப்பெட்டிகளும் குறைந்த விலையில்" என்று ஒரே மெயிலைத் தட்டிவிட்டேன். ஒரு பதில்கூட வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "நீங்க அனுப்பின பில் ஸ்பாம்ல கிடந்துச்சுங்க" என்றார். புது ஆளும் கிடைக்கவில்லை, இருந்தவருக்கும் மெயில் போகவில்லை.

இப்போது ஒரு நாளைக்கு நான்கைந்து மெயில்தான் எழுதுகிறேன். அப்படி எழுதிய ஒன்றை எடுத்து, எப்படி உருவானது என்று முதலிலிருந்து காட்டுகிறேன். அதைப் பெற்றது மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சின்ன நிறுவனம். சொந்த இணையதளம் வைத்திருக்கிறார்கள், கூரியரில் வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். நடத்துபவர் ஒரு பெண்.

படி 1: எழுதுவதற்கு முன் இருபது நிமிடம் பாருங்கள்

அவர்களுடைய தளம், கூகுள் மேப்பில் இருக்கும் விமர்சனங்கள், இன்ஸ்டாகிராம் பக்கம், இந்த மூன்றும் போதும். தேடுவது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் தொழில் தெரிந்த கண்ணுக்கு மட்டும் தென்படும் ஒரு விஷயம்.

நான் பார்த்தது இது. பிளாஸ்டிக் கேனிலிருந்து 1 லிட்டர் கண்ணாடி பாட்டிலுக்கு மாறியிருக்கிறார்கள். விமர்சனத்தில் ஒருவர் பாட்டில் உடைந்து வந்ததாகச் சொல்லிப் படமும் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 3 பிளை, அதாவது மூன்றடுக்கு அட்டைப் பெட்டி, உள்ளே குமிழ்த்தாள் சுற்றிய இரண்டு பாட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, பெட்டியின் ஒரு மூலை எண்ணெயில் ஊறித் தொளதொளத்திருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயே 900 கிராமுக்கு மேல், கண்ணாடியும் சேர்ந்தால் பாட்டில் ஒன்று கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வந்துவிடும். அப்படி இரண்டு பாட்டில் நடுவில் தடுப்பு இல்லாமல் போனால், கூரியர்காரர் பெட்டியைத் தொப்பென்று வைக்கும்போது கண்ணாடி கண்ணாடியோடு மோதும். வெளியே எத்தனை டேப் ஒட்டினாலும் அதைத் தடுக்க முடியாது.

படத்தைப் பார்த்த மற்றவர்களுக்கு இது "கூரியர்காரன் உடைச்சுட்டான்". பெட்டி செய்கிறவனுக்குத்தான் நடுவில் ஒரு அட்டை இல்லாதது தெரியும். அவருக்கு மெயில் எழுத எனக்கு இருக்கும் உரிமையே அந்த ஒன்றுதான். இருபது நிமிடம் பார்த்தும் அப்படி எதுவும் சிக்கவில்லை என்றால் அவருக்கு எழுதாதீர்கள், அடுத்தவரிடம் போங்கள். காரணம் இல்லாமல் எழுதும் மெயிலை எந்த வார்த்தை போட்டும் காப்பாற்ற முடிவதில்லை, நான் நிறைய முயன்று பார்த்துவிட்டேன்.

படி 2: முதல் வாக்கியம் அவரைப் பற்றியதாக இருக்கட்டும்

"நாங்கள் 12 ஆண்டுகளாகத் தரமான அட்டைப்பெட்டிகள் தயாரித்து வருகிறோம்" என்று தொடங்கினால், திறக்கும் முன்பே இது விளம்பரம் என்று தெரிந்துவிடும். மெயில் பட்டியலில் சப்ஜெக்டுக்குப் பக்கத்தில் முதல் சில வார்த்தைகள் தெரியும் அல்லவா, அவர் அதைப் பார்த்துத்தான் திறப்பதா அழிப்பதா என்று முடிவு செய்கிறார்.

ஆனால் இங்கே ஒரு கவனம் வேண்டும். "உங்கள் பாட்டில்கள் உடைந்து போகின்றன" என்று எடுத்த எடுப்பில் எழுதினால் அவருக்கு வலிக்கும். பார்த்துப் பார்த்து நடத்தும் தொழிலில் யாரோ ஒருவர் வந்து குறை சொல்வது போல இருக்கும். அதனால் அவர் செய்த நல்ல மாற்றத்தை முதலில் சொல்லி, அதன் பிறகு படத்தில் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். உடைந்ததற்கு யார் பொறுப்பு என்பதற்குள் போகவே வேண்டாம். "தடுப்பு இல்லை" என்பதைவிட "இல்லாதது போலத் தெரிகிறது" சரியாக இருக்கும், ஏனென்றால் நாம் பார்த்தது ஒரே ஒரு படம்.

படி 3: விற்கும் பொருளில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்

எங்களிடம் பீட்சா பெட்டி இருக்கிறது, ஸ்வீட் பெட்டி இருக்கிறது, அச்சடித்த பெட்டி இருக்கிறது. இவருக்கு அவையெல்லாம் எதற்கு? நடுத்தடுப்போடு இருக்கும் 5 பிளை பெட்டி ஒன்று போதும்.

அதோடு ஒரு எண் சொல்லுங்கள், அது அவருடைய பயத்துக்குப் பதிலாக இருக்கட்டும். சின்ன நிறுவனங்கள் பெட்டிக்காரர்களிடம் விசாரிக்கத் தயங்குவது விலையால் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். பேசப் பேசத் தெரிந்தது, அவர்கள் பயப்படுவது குறைந்தபட்ச ஆர்டர் அளவுக்கு. ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொன்னால் வைக்க இடம் இருக்காது, பணமும் முடங்கும். அதனால் "300 பெட்டியிலிருந்து தருகிறோம்" என்பதை எழுதுகிறேன், விலையை எழுதுவதில்லை. பாட்டில் அளவு தெரியாமல் சொல்லும் விலை எப்படியும் மாறும்.

படி 4: போனிலேயே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்

"உங்களுக்கு வசதியான நேரத்தில் 30 நிமிடம் பேசலாமா" என்பது பெரிய உதவி. முகம் தெரியாதவருக்கு யார் அரை மணி நேரம் தருவார்கள்? பாட்டிலின் உயரமும் விட்டமும் கேட்பது சின்ன உதவி. ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து இரண்டு எண்ணைத் தட்டினால் முடிந்தது. எனக்கும் அது லாபம்: அளவு அனுப்புகிறவர் நிஜமாகவே யோசிக்கிறார் என்று அர்த்தம்.

இனி முழு மெயில். மரச்செக்குத் தளம் தமிழில் இருந்ததால் மெயிலும் தமிழில். தளம் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

> சப்ஜெக்ட்: 1 லிட்டர் கண்ணாடி பாட்டில் பார்சல்
>
> வணக்கம் மேடம்,
>
> கண்ணாடி பாட்டிலுக்கு மாறியிருப்பதை உங்கள் தளத்தில் பார்த்தேன். கூரியரில் ஒரு பாட்டில் உடைந்ததாக ஒருவர் கூகுளில் போட்ட படமும் கண்ணில் பட்டது. இரண்டு பாட்டிலுக்கும் நடுவில் தடுப்பு இல்லாதது போலத் தெரிகிறது.
>
> நாங்கள் ஈரோட்டில் அட்டைப்பெட்டி செய்கிறோம். இரண்டு பாட்டிலுக்கு நடுத்தடுப்போடு 5 பிளை பெட்டி, 300 பெட்டியிலிருந்து தருகிறோம்.
>
> பாட்டிலின் உயரமும் விட்டமும் சொன்னால், அந்த அளவில் இரண்டு சாம்பிள் பெட்டி இலவசமாக அனுப்பட்டுமா? பாட்டிலை வைத்து இடுப்பு உயரத்திலிருந்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.
>
> (என் பெயர், யூனிட் பெயர், முழு முகவரி, போன்)
>
> தேவையில்லை என்றால் "வேண்டாம்" என்று மட்டும் அனுப்புங்கள், மறுபடி எழுத மாட்டேன்.

போனில் திறந்தால் பெரிதாக உருட்டாமல் படித்துவிடலாம், அந்த அளவைத் தாண்ட வேண்டாம். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். இதே மெயிலை வேறொரு எண்ணெய்க் கடைக்கு ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்ப முடியுமா? முடியும் என்றால் முதல் பத்தி இன்னும் தயாராகவில்லை.

சப்ஜெக்டைக் கடைசியாக எழுதுங்கள்

அவருடைய கடை ஊழியர் ஒருவர் அவருக்கு மெயில் போட்டால் என்ன சப்ஜெக்ட் வைப்பாரோ அதுதான் நல்ல சப்ஜெக்ட். மூன்று நான்கு வார்த்தை போதும். முழுக்கப் பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி, "சிறப்புச் சலுகை" எதுவும் வேண்டாம். ஏற்கெனவே பேசியது போலக் காட்ட முன்னால் "Re:" போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறக்க வைக்கும், உண்மைதான், ஆனால் முதல் அறிமுகமே பொய்யில் தொடங்கினால் அதற்குப் பிறகு சாம்பிள் இலவசம் என்பதை அவர் எப்படி நம்புவார்?

படி 5: அனுப்பும் முன் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள்

மெயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்பாக்ஸ் போய்ச் சேர வேண்டுமே. சொந்த டொமைனிலிருந்து அனுப்புகிறீர்கள் என்றால், இந்த மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் இரண்டு அடையாளங்கள் தேவை: SPF, DKIM. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லாரிடமும் கூகுள் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். உங்கள் சொந்த ஜிமெயில் முகவரி ஒன்றுக்கு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வலது ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, Show original என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு கட்டம் வரும், அதில் இப்படித் தெரிய வேண்டும்:

```
SPF:  PASS
DKIM: PASS
```

இல்லையென்றால் டொமைன் வாங்கிய இடத்தில் DNS அமைப்புக்குள் போய், உங்கள் மெயில் சேவை தரும் TXT வரிகளைச் சேர்க்க வேண்டும். Google Workspace வழியாக மட்டும் மெயில் அனுப்புகிறவர்களுக்கு SPF வரி இது:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

ஏற்கெனவே ஒரு SPF வரி இருந்தால் இன்னொன்று போடாதீர்கள், இருப்பதையே திருத்துங்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே வேலை செய்யாது.

அப்புறம், முதல் மெயிலில் கேட்டலாக் PDF இணைக்க வேண்டாம், லிங்க்கும் வேண்டாம், சுருக்கிய லிங்க் கண்டிப்பாக வேண்டாம். முகம் தெரியாதவர் அனுப்பும் ஃபைலைத் திறக்க எல்லாருக்கும் பயம், அது நியாயமான பயம்.

மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்பாம் என்று அழுத்துகிறவர்களின் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐ எட்டவே கூடாது என்று கூகுள் சொல்கிறது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே ஆபத்து. என் பழைய வாடிக்கையாளரின் பில் ஸ்பாமுக்குப் போனது எதனால் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஓரளவு பிடிபட்டது. மெயிலின் கடைசியில் "வேண்டாம்" என்று சொல்ல வழி வைப்பதும் இதற்காகத்தான். அந்த வழி இல்லாதவருக்கு இருக்கும் ஒரே கதவு ஸ்பாம் பொத்தான்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எழுதும் ஏற்றுமதியாளர்கள் கவனியுங்கள்: அங்கே 2003-ல் வந்த CAN-SPAM சட்டப்படி, நிறுவனத்துக்கு எழுதும் விற்பனை மெயிலாக இருந்தாலும் உங்கள் அஞ்சல் முகவரியும் விலகும் வழியும் இருக்க வேண்டும், விலகச் சொன்னவரை 10 வேலை நாளுக்குள் நீக்கிவிட வேண்டும்.

படி 6: ஒரே ஒரு நினைவூட்டல்

ஐந்து வேலை நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழேயே எழுதுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். "என் மெயிலைப் பார்த்தீர்களா" என்று கேட்பதில் அவருக்கு ஒரு பயனும் இல்லை. புதிதாக ஏதாவது கொடுங்கள். நான் இவருக்கு எழுதியது: "மேடம், பெட்டி மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். இப்போது இருக்கும் பெட்டியிலேயே இரண்டு பாட்டிலுக்கும் நடுவில் பெட்டி உயரத்துக்கு ஒரு அட்டைத் துண்டை வெட்டி நிறுத்துங்கள், மூடிக்கு மேலே ஒரு அட்டையை மடித்து வையுங்கள். உடைவது ஓரளவு குறையும்."

அதில் விற்பனை எதுவும் இல்லை. மறுநாள் காலையில் ஒரு வரிப் பதில் வந்தது: உயரம் 31 செ.மீ., விட்டம் 8.5, கூடவே "அரை லிட்டருக்கும் செய்வீர்களா?" என்ற கேள்வி.

இந்த நினைவூட்டலுக்கும் பதில் வராதவர்களை நான் விட்டுவிடுகிறேன். "வேண்டாம்" என்றவர்களுக்கு "சரிங்க, நன்றி" என்று ஒரு வரி எழுதிவிட்டு, என் எக்செல் ஷீட்டில் அந்தப் பெயரைச் சிவப்பாக்கி வைக்கிறேன். அழிப்பதில்லை. அழித்தால் ஆறு மாதம் கழித்து மறந்துபோய் அவருக்கே மறுபடி எழுதிவிடுவேன்.