வீட்டுக்கு த்ரீடி படம் வரைபவருக்கு முதல் மெசேஜ் எப்படி எழுதுவது?

உள் அலங்கார வேலைக்கு முன் த்ரீடி படம் வரைந்து வாங்க நினைப்பவர்களுக்கான பதிவு இது. ஆளைத் தேடுவது, விலை பேசுவது பற்றி இங்கே எழுதவில்லை. வேலை தொடங்கும் முன் அவருக்கு நாம் அனுப்பும் குறிப்பு மட்டும்தான். திருச்சியில் ஒரு வீட்டின் ஹாலை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நாம் சொல்லாத எதையும் அவர் காலியாக விட முடியாது, ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் பெரும்பாலும் அது வந்து நிற்கும்.

1. அளவு

நல்ல ஸ்டீல் டேப்பும் கட்டம் போட்ட தாளும் போதும். லேசர் மீட்டர் வேகமானது, ஆனால் ஜன்னல் கண்ணாடி மேல் அடித்தால் கதிர் ஊடுருவிப் போய்த் தவறான எண் காட்டும். எனக்கு டேப்தான் பிடிக்கும்.

நீள அகலத்தை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். விடுபடுவது உயரங்கள்தான்: தரையிலிருந்து சீலிங், ஜன்னலின் அடி விளிம்பு, மேல் விளிம்பு, பீம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. பக்கத்துச் சுவரிலிருந்து ஜன்னல் எத்தனை அடி தள்ளித் தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். பிளானில் வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதை அதை வைத்துத்தான் அவர் அமைப்பார்.

2. மாறாதது, மாறலாம் என்பது

இருக்கிற தரை, பழைய மரச்சாமான், டிவி பாயிண்ட் எல்லாம் மாறாதவை. இவற்றைப் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வையுங்கள். போன் கேமரா நிறத்தை மஞ்சளாகவோ நீலமாகவோ இழுத்திருந்தால், தாளைப் பார்த்து அவர் சரி செய்துகொள்வார். தாளின் அளவும் தெரிந்ததுதான் என்பதால் டைலின் அளவும் புரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படம் சுருங்கிப் போகும்.

3. மாதிரிப் படங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது, என்னையும் அதிகம் சுற்றவிட்டது இதுதான். பின்டரெஸ்டில் சேர்த்த அறுபது படங்களின் லிங்கை அப்படியே அனுப்பினால், ஒன்றுக்கொன்று ஒத்துவராத அறுபது வீடுகளைக் கேட்டதாகிவிடும். ஓர் அறைக்கு மூன்று படம் போதும். ஒவ்வொரு படத்தோடும் இரண்டு வரி எழுதுங்கள்: இதில் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும். இரண்டாவது வரிதான் அதிகம் உதவும். மர நிறத்துக்காக நீங்கள் அனுப்பிய படத்தில் தொங்கு விளக்கு இருந்தால், அதையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று: அந்தப் படத்தில் இருக்கும் அறையின் அளவைப் பாருங்கள். பதினான்கு அடி உயரச் சுவரும் தரை வரை கண்ணாடியும் உள்ள ஹாலின் அழகு பாதிக்கு மேல் வெளிச்சத்தால் வருவது. உங்கள் 5 அடி ஜன்னலில் அது கிடைக்காது. படத்தில் கொண்டுவந்துவிடலாம், வீட்டில் வராது.

4. அறையின் உணர்வு

‘மாடர்னா, சிம்பிளா, கொஞ்சம் ரிச்சா’ என்று எழுதினால் அவருக்கு எதுவும் கிடைக்காது. நேரம், விளக்கு, மேற்பரப்பு இந்த மூன்றையும் சொல்லுங்கள். அந்த அறையில் நீங்கள் அதிகம் இருப்பது எந்த நேரம்? விளக்கு மஞ்சள் என்றால் 3000 கெல்வின், குழல் விளக்கு போன்ற வெள்ளை என்றால் 6500. ஒரே சுவர் நிறம் இரண்டிலும் வேறு வேறாகத் தெரியும். மரம் பளபளப்பா, மேட்டா? இவ்வளவு சொன்னாலே போதும்.

5. கேமரா

சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட, குறுக்கே நிற்கும் சுவரை எடுத்துவிட்டு அதற்கு வெளியே கேமராவை வைப்பது வழக்கம். படம் நன்றாக வரும், ஆனால் அந்த இடத்தில் யாரும் நின்று பார்க்க முடியாது. அதனால் எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்து, எந்த உயரத்தில் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

இனி முழு மெசேஜ்:

> வணக்கம்ங்க. எங்கள் ஹாலுக்கு மட்டும் த்ரீடி படம் வேண்டும். பிளானும் போட்டோக்களும் எண் போட்டு இணைத்திருக்கிறேன்.
>
> ஹால் கிழக்கு மேற்காக 16 அடி, வடக்கு தெற்காக 11 அடி, உயரம் 10 அடி. நடுவில் வடக்கு தெற்காக ஒரு பீம் 10 அங்குலம் இறங்குகிறது. மேற்குச் சுவரில் ஜன்னல்: அகலம் 5 அடி, தரையிலிருந்து 3 அடியில் தொடங்கி 7 அடியில் முடிகிறது, இரு பக்கமும் 3 அடி சுவர். வாசல் கிழக்குச் சுவரின் தெற்கு ஓரத்தில்.
>
> மாறாதவை: தரை டைல் (படம் 1). தேக்கு ஊஞ்சல், பலகை 5 அடி (படம் 2). அதன் கொக்கிகள் சீலிங்கில், கிழக்குச் சுவரிலிருந்து 5 அடியில் இருக்கின்றன, நகர்த்த முடியாது. ஊஞ்சல் கிழக்கு மேற்காக ஆடும், முன்னும் பின்னும் இடம் விடவும். டிவி பாயிண்ட் வடக்குச் சுவரில்.
>
> புதிதாக வேண்டியவை: மேற்குப் பாதியில், தெற்குச் சுவரை ஒட்டி மூவர் சோபா. 15 அங்குல ஆழத்தில் டிவி அலமாரி. ஜன்னல் திரை.
>
> நாங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் ஹாலில் உட்காருவோம். மேற்கு வெயில் நேராக வரும், அதை மெல்லிய பருத்தித் திரை தணிக்க வேண்டும். சுவர் வெள்ளையில் லேசான மஞ்சள் கலந்தது. மரம் ஊஞ்சலின் நிறத்துக்கு அருகில், மேட். விளக்கு 3000 கெல்வின்.
>
> படம் 3: திரைத் துணி மட்டும். சோபா வேண்டாம். படம் 4: அலமாரியின் அமைப்பு மட்டும். நிறம் வேண்டாம்.
>
> ஃபால்ஸ் சீலிங், பளபள லேமினேட், வால்பேப்பர் வேண்டாம். திரையின் நிறம் முடிவாகவில்லை, நீங்கள் இரண்டு சொல்லுங்கள்.
>
> இரண்டு கோணம்: வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்து, 5 அடி உயரத்தில். சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்து, 4 அடி உயரத்தில். முதல் கோணம் மாலையிலும் இரவிலும் வேண்டும்.
>
> நிறம் போடாத சாம்பல் மாடலை முதலில் காட்டுங்கள். சரி என்றபின் நிறத்துக்குப் போகலாம். அதன்பின் எத்தனை முறை திருத்தம் செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.

கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். சாம்பல் மாடலில் சோபாவை நகர்த்துவது சில நிமிட வேலை. நிறமும் வெளிச்சமும் போட்டு முடித்த பிறகு அதே வேலைக்குப் படத்தைக் கணினியில் மறுபடி முழுதாக உருவாக்க வேண்டும், அது ஒரு திருத்தக் கணக்கில் போகும். மாடல் வந்ததும் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். 11 அடியில் சோபா 3 அடி, அலமாரி 1 அடி 3 அங்குலம் போனால் நடுவில் 6 அடி 9 அங்குலம் மிச்சம். அதில் 2 அடி டீப்பாய் போட்டாலும் நடக்க இடம் இருக்கும். படத்தில் அதைவிட விசாலமாகத் தெரிந்தால், சோபாவின் ஆழம் என்ன என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை: பில்டர் கொடுத்த பிளானில் இருக்கும் அளவையே அனுப்பலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிளானில் இருப்பது பெரும்பாலும் பூச்சுக்கு முந்தைய அளவு. இரண்டு சுவரிலும் அரை அரை அங்குலம் பூசினால் அறை ஓர் அங்குலம் குறையும். படத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் சுவருக்குச் சுவர் பீரோ அடிக்கும் ஆசாரி அந்தப் படத்தைப் பார்த்துப் பலகை வெட்டினால் உள்ளே போகாது. ஆசாரிக்கு அளவு போட்ட வரைபடம் தனியாக வேண்டும். அது இந்த விலையில் சேருமா என்று முதல் மெசேஜிலேயே கேட்டுவிடுங்கள்.