லாபத்தைப் பார்க்காதீர்கள், கடைசி ஆட்ஸைப் பாருங்கள்

இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டங்களுக்குப் புதிய பந்தய மாடல் ஒன்று போட்டிருந்தால், ஆறேழு வாரம் காசு வைக்காமல் எழுதி மட்டும் வாருங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: தேர்ந்தெடுத்த நிமிடத்தில் உண்மையில் கிடைத்த ஆட்ஸ், ஆட்டம் தொடங்கும் முன் இருந்த கடைசி ஆட்ஸ். ஒப்பிட வேண்டியது இவற்றைத்தான்.

2.00 ஆட்ஸில் தலா ஒரு ரூபாய் வீதம் 100 பந்தயம் கட்டினால், வெறும் அதிர்ஷ்டமே பத்து ரூபாய் லாபமோ நஷ்டமோ காட்டிவிடும். அதனால் சில வார லாபக் கணக்கு எதையும் நிரூபிக்காது. கடைசி ஆட்ஸில் அணிச் செய்தியும் பெரிய பந்தயக்காரர்களின் பணமும் சேர்ந்திருப்பதால், அதைவிட நல்ல ஆட்ஸ் தொடர்ந்து கிடைக்கிறதா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஆனால் பந்தய நிறுவனத்தின் கமிஷனைக் கழித்த பிறகே ஒப்பிடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். சொந்த மைதானத்தில் ஆடும் அணியை 2.10-க்கு எடுத்தீர்கள், கடைசியில் 2.00, டிரா 3.50, எதிரணி 3.80 என்று வைத்துக்கொள்வோம். 1/2.00 + 1/3.50 + 1/3.80 = 1.049. இதில் ஒன்றுக்கு மேலிருக்கும் 0.049-தான் நிறுவனத்தின் கமிஷன். ஆக, நியாயமான ஆட்ஸ் 2.00 × 1.049, அதாவது ஏறக்குறைய 2.10. ஐந்து சதவீதம் போலத் தெரிந்த ஆதாயம் உண்மையில் பூஜ்யம்.

பணப்புழக்கம் குறைந்த கீழ்நிலை லீகுகளுக்கு இது பொருந்தாது. அங்கே கடைசி ஆட்ஸே தவறாக இருக்கலாம். ஆட்டம் நடக்கும்போது கட்டும் பந்தயத்துக்கும் உதவாது.