குடைக்கம்பியில் இரண்டு உருளைக்கிழங்கு: அச்சும் நிலைமத் திருப்புத்திறனும் தவறும் இடங்கள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை ஓய்வதற்குள் எங்கள் வீட்டில் ஒரு குடையாவது உடைந்துவிடும். அதன் கம்பிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. மாலையில் டியூஷனுக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சுழற்சி இயக்கம் நடத்த அவை வேண்டும். கம்பியின் ஒரு முனையில் பெரிய உருளைக்கிழங்கு, மறுமுனையில் சின்னது. பாடப்புத்தகத்தில் வரும் ‘இலேசான தண்டால் இணைக்கப்பட்ட இரு நிறைகள்’ கைக்கு வந்துவிடும்.

கிழங்குகளைத் தராசில் பார்த்துச் சீவிச் சரிசெய்வேன். பெரியது 300 கிராம், சின்னது 100 கிராம், நடுவில் 40 செ.மீ. தூரம். இந்தக் கட்டுரை முழுக்க இதே கணக்குதான். எண்கள் எளிதாக இருக்கட்டும் என்று கிராமும் செ.மீ.யுமாகவே எழுதுகிறேன்.

அலகு மாற்ற மறப்பது, வர்க்கத்தை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒரு தடவை மதிப்பெண் போனால் தாமாகவே சரியாகிவிடும். நான் படித்த காலத்தில் செய்து, இன்றும் பிள்ளைகள் நோட்டில் அப்படியே பார்க்கிற தவறுகள் மட்டும் கீழே.

தண்டின் நடுவையே அச்சு என்று எடுப்பது

நிறைகள் சமமாக இருந்தால்தான் நடு.

பாரமான முனைதான் அதிகம் சேர்க்கும் என்று நினைப்பது

கம்பியை விரலில் வைத்துச் சமநிலைக்குக் கொண்டுவந்தால், பெரிய கிழங்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிற்கும். 300 × 10, 100 × 30, இரண்டும் 3,000. அதுதான் நிறைமையம். மேலே வீசிச் சுழலவிட்டாலும் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் கம்பி சுற்றும். அந்த இடத்தில் சிவப்பு நூல் கட்டி வீசினால் நூல் மட்டும் தள்ளாடாமல் வளைகோட்டில் போய் இறங்குவது நன்றாகத் தெரியும்.

இப்போது இந்த அச்சைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன்: பெரியதற்கு 300 × 10² = 30,000. சின்னதற்கு 100 × 30² = 90,000. மொத்தம் 1,20,000 கிராம் செ.மீ.². மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள கிழங்கு மூன்று மடங்கு சேர்க்கிறது. இதைப் பார்த்ததும் எங்கோ மாற்றிப் போட்டுவிட்டோம் என்று பயந்து சரியான விடையை அடித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. அடிக்க வேண்டாம். நிறைமையத்தைச் சுற்றும்போது எப்போதும் இப்படித்தான், எடை குறைந்தது தூரத்தில் நிற்பதால் அதன் பங்குதான் கூடுதல்.

இணையச்சுத் தேற்றத்தைக் கிடைத்த இடத்திலிருந்து தொடங்குவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். போன வாரம் ஒரு பெண் நோட்டை நீட்டினாள். கேள்வி, சின்னக் கிழங்கு வழியாகச் செல்லும் அச்சுக்கு விடை கேட்டிருந்தது. அவள் முதலில் தண்டின் நடுவுக்குக் கண்டுபிடித்திருந்தாள்: 300 × 20² + 100 × 20² = 1,60,000. இதுவரை சரி. பிறகு தேற்றத்தைப் போட்டு, 400 × 20² = 1,60,000-ஐக் கூட்டி, 3,20,000 என்று கோடு போட்டு முடித்திருந்தாள்.

நான் பி.எஸ்சி. முதலாண்டில் எழுதியதும் இதே வரிதான். அதன் பிறகு வந்த கோணவேகமும் இயக்க ஆற்றலும் அந்த எண்ணை வைத்தே போனதால் கேள்வி முழுவதும் போயிற்று. திருத்தியவர் வட்டமிட்டிருந்தாரே தவிர, ஏன் என்று ஒரு சொல் எழுதவில்லை. அதனால் அடுத்த பருவத்திலும் அதையே செய்தேன்.

“சரி, பெரிய கிழங்கு வழியாக அச்சு போனால் எவ்வளவு வரும்?” என்றேன்.

அதே முறையில் போட்டுப் பார்த்து, “அதுவும் 3,20,000 மிஸ்,” என்றாள்.

கம்பியை அவள் கையில் கொடுத்தேன். முதலில் பெரிய கிழங்கைப் பிடித்து, கம்பியைப் படுக்கை வாக்கில் இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். பிறகு திருப்பி, சின்னதைப் பிடித்து அதேபோல ஆட்டச் சொன்னேன். இரண்டாவது தடவை மணிக்கட்டு திணறியது. “ஒன்றாக இல்லை மிஸ்,” என்று அவளே நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

நேரடியாகவே போடலாம். சின்னக் கிழங்கு அச்சில் இருக்கும்போது அதன் தூரம் சுழி, ஆகவே 300 × 40² = 4,80,000. பெரியது அச்சில் இருந்தால் 100 × 40² = 1,60,000. ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு. அவள் முறை இரண்டுக்கும் ஒரே விடை கொடுத்ததே அது தவறு என்பதற்கு அடையாளம்.

எங்கே தவறியது? தேற்றம் பிறக்கிற இடத்துக்குப் போக வேண்டும். ஏதோ ஒரு புள்ளியிலிருந்து தூரம் x என்று வைத்து, அச்சை d அளவு நகர்த்தினால் இப்படி விரியும்:

```
Σm(x + d)² = Σmx² + 2dΣmx + Md²
```

நடுவில் நிற்கும் 2dΣmx என்பதைப் புத்தகம் சுழி என்று அடித்துவிடுகிறது. x-ஐ நிறைமையத்திலிருந்து அளந்தால் மட்டும்தான் அது சுழி. தண்டின் நடுவிலிருந்து அளந்தால் Σmx-இன் அளவு 300 × 20 − 100 × 20 = 4,000. d = 20 என்பதால் நடு உறுப்பு 2 × 20 × 4,000 = 1,60,000. சின்னக் கிழங்கின் பக்கம் நகர்ந்தால் இதைக் கூட்ட வேண்டும், 4,80,000 வரும். பெரியதன் பக்கம் நகர்ந்தால் கழிக்க வேண்டும், 1,60,000 வரும். அவள் தொலைத்தது இந்த உறுப்பைத்தான்.

ஆகவே வழி ஒன்றே. முதலில் நிறைமையத்துக்குப் போய், அங்கிருந்து கிளம்புங்கள். 1,20,000 + 400 × 30² = 4,80,000. பெரிய கிழங்குக்கு 1,20,000 + 400 × 10² = 1,60,000. தண்டின் நடுவும் நிறைமையத்திலிருந்து 10 செ.மீ.தான், மறுபக்கத்தில். அதனால் அதற்கும் 1,60,000 வந்ததில் வியப்பில்லை. ஒரே திசையிலுள்ள இணையச்சுகளில் மிகச் சிறிய மதிப்பு நிறைமையத்தினுடையது. வேறு ஓர் அச்சுக்கு அதைவிடக் குறைவாக வந்தால் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள்.

ஆணி அடித்த பிறகும் நிறைமையத்தைச் சுற்றவைப்பது

சுதந்திரமாக வீசிய கம்பிக்கும் ஆணியில் மாட்டிய கம்பிக்கும் அச்சு வேறு. தண்டின் நடுவில் செங்குத்தாக ஆணி இறக்கி, படுக்கை வாக்கில் சுற்றினால் அச்சு அந்த ஆணிதான், மதிப்பு 1,60,000. ஆனால் நிறைமையம் 10 செ.மீ. தள்ளி வட்டமடிப்பதால் அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை ஆணிக்கு வந்துவிடுகிறது. விநாடிக்கு 10 ரேடியன் வேகத்தில், அதாவது சுமார் ஒன்றரைச் சுற்றில், அந்த விசை 0.4 × 10² × 0.1 = 4 நியூட்டன். இரண்டு கிழங்குகளின் எடைக்கு ஏறத்தாழச் சமம். ஆணியைப் பிடித்திருக்கும் கை குலுங்குவது இதனால். நூல் கட்டிய இடத்தில் ஆணியை மாற்றினால் குலுக்கல் நின்றுவிடும்.

அச்சின் திசையைச் சொல்லாமல் விடுவது

1,20,000 என்பது தண்டுக்குச் செங்குத்தான அச்சுக்கு. தண்டு வழியாகவே அச்சு போனால், புள்ளி நிறைகளுக்குச் சுழி.

‘இலேசான’ என்ற சொல்லைத் தாண்டிப் போவது

என் கம்பியை 10 கிராம் என்று வைத்தால், அது சேர்ப்பது சுமார் 2,300. கிழங்குகள் புள்ளிகள் அல்ல, அவற்றின் பருமன் இன்னும் ஏறக்குறைய அதே அளவு சேர்க்கும். 1,20,000-க்கு முன் இரண்டும் தலா 2 விழுக்காடுதான், விட்டுவிடலாம். கம்பிக்குப் பதில் தேயிலைக் குச்சியைச் செருகினால் விட முடியாது. அப்போது குச்சியையும் எடைபோட்டு, அதன் நடுவில் ஒரு மூன்றாவது நிறையாக வைத்து நிறைமையத்தைத் திரும்பக் கண்டுபிடித்து, குச்சியின் சொந்த ML²/12-ஐயும் சேர்க்க வேண்டும்.