வாரண்டி முடியுதுன்னு போன் வந்தா முதல்ல இத பாருங்க

பாளையங்கோட்டைல எங்க அத்தைக்கு போன வாரம் ஒரு போன். வாஷிங் மெஷின் வாரண்டி நாளைக்கு முடியுது, 4,999 ரூவா அனுப்புனா இன்னும் 3 வருசம் மோட்டாரோட சேத்து கவர் ஆவும்னு சொல்லிருக்கான், மாடலு, வாங்குன மாசம் எல்லாம் சரியா சொன்னதால அத்தை நம்பிட்டாவ. அந்த விவரம் எங்கெருந்து வேணா வெளிய போயிருக்கலாம், அத வச்சி கம்பெனி ஆளுன்னு நம்பாதீங்க.

நான் போயி பீரோல இருந்த பில்லையும் வாரண்டி கார்டையும் எடுத்து பாத்தேன். மெஷினுக்கு 2 வருச வாரண்டி முடிஞ்சே ஏழு மாசம் ஆச்சு, மோட்டாருக்கு மட்டும் 10 வருசம் ஏற்கனவே இருக்கு! அப்போ இவன் விக்கதே இல்லாத சரக்கு.

அவன் அனுப்புன அக்கவுண்ட் நம்பர போட்டா ஏதோ ஒரு ஆளோட பேரு, சேவிங்ஸ் அக்கவுண்ட். கம்பெனி பேருல இல்லன்னா அங்கயே நிறுத்திருங்க. பில்லு கேட்டா "பணம் வந்தப்புறம் மெயில்ல வரும்"னு சொல்லுதான், ஜிஎஸ்டி நம்பர கேட்டதும் கட் பண்ணிட்டான்.

நெசமாவே வாரண்டி வேணும்னா போனை வச்சிட்டு, கார்டுல அச்சடிச்ச நம்பருக்கு நீங்களே கூப்புட்டு கேளுங்க, அவன் குடுத்த நம்பருக்கு இல்ல. காருக்கும் இதேதான், வாங்குன ஷோரூம்லயே நேர்ல போயி கேளுங்க.

பணம் போயிருச்சுன்னா கூச்சப்படாம உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போட்டு ட்ரான்ஸாக்‌ஷன் நம்பர சொல்லுங்க, பேங்க்குக்கும் சொல்லிருங்க. அவன் அத எடுக்கதுக்குள்ள சொன்னாதான் பணத்த நிறுத்தி வைக்க வழி இருக்கு.