தொண்டை நோவுக்கு உப்புநீர், தேன், சூப்பும் மாத்திரை: எங்கே தவறுகிறோம்?

ஐப்பசி மழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒருவராவது தடிமனும் தொண்டை நோவுமாக இருப்பார். உடனே அடுப்பில் தண்ணீர் கொதிக்கும், உப்புப் போத்தல் திறபடும், தேன் தேடப்படும். உப்புநீர், தேன், மருந்துக்கடையில் வாங்கும் சூப்பும் மாத்திரை ஆகிய மூன்றிலும் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் நோவைத் தணிப்பதில்தான் இருக்கிறது. நோயை மாற்றுவதில் இல்லை. இந்த வேறுபாட்டை மறக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

தொண்டை நோவில் பெரும்பகுதி வைரசால் வருவது. எந்த மருந்தும் எடுக்காதவர்களைக் கவனித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 100 பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு மூன்று நாளிலும், 80 பேருக்கு மேல் ஒரு வாரத்திலும் நோ தானாகவே மாறியிருந்தது. ஆகவே மூன்றாம் நாள் நாம் எதைக் குடித்திருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிவிட்டால், அடுத்த முறை மருத்துவரைக் காணவேண்டிய நோயையும் அதே கைமருந்தோடு வீட்டில் வைத்திருப்போம்.

உப்புநீரில் நடக்கும் தவறு பெரும்பாலும் அளவிலும் சூட்டிலும்தான். கொதித்தாறிய நீர் ஒரு கிளாஸ், அதாவது ஏறக்குறைய 240 மில்லிலீற்றர். அதில் தட்டையாக எடுத்த அரைத் தேக்கரண்டித் தூளுப்பு. இது போதும். உடலிலுள்ள நீர்மத்தைவிட இந்த நீர் சற்றே உப்புக் கூடியது. வீங்கிய சவ்விலிருந்து கொஞ்சம் நீரை வெளியே இழுத்து, ஒட்டியிருக்கும் சளியையும் இளக்கிவிடும். கிடைக்கும் சுகம் சிறிது நேரத்துக்கே என்பதால் நாளில் சில தடவை செய்யவேண்டியிருக்கும். கைப்பிடி உப்பைப் போட்டால் கூடுதல் பயன் இல்லை. தொண்டை காய்ந்து எரியும், குமட்டும். ஆனையிறவுக் கல்லுப்பைப் போடுபவர்கள் அது முழுதாகக் கரையும்வரை கலக்க வேண்டும். கையில் ஊற்றிப் பார்த்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். ‘பொறுக்கக்கூடிய சூடு’ என்று கொதிநீரில் கொப்புளிப்பது ஏற்கெனவே புண்ணான இடத்தைச் சுடுவதாகும். கொப்புளித்த நீரை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். கொப்புளிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

உப்புநீர் கிருமியைக் கொல்லும் என்ற பேச்சுக்கு உறுதியான சான்று கிடையாது. எடின்பரோவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், 2019இல் வெளியானது, உப்புநீர் பயன்படுத்தியவர்களுக்குத் தடிமன் ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாகவே மாறியது. ஆனால் அவர்கள் கொப்புளித்ததோடு மூக்கையும் உப்புநீரால் கழுவினார்கள். பலனைக் கொப்புளிப்புக்கு மட்டும் எழுதிவிட முடியாது. கொப்புளிக்கும் நீர் வாயின் பின்பகுதியைத்தான் தொடுகிறது. சதைக்குள் இருக்கும் கிருமியை அது எட்டாது.

தேனுக்கு இருக்கும் சான்று சற்றுப் பலமானது. ஆனால் அது இருமலுக்கு. பிள்ளைகளின் இரவு இருமலைத் தேன் குறைக்கிறது என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில் ஒன்று முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகளுக்குப் படுக்கப் போவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் 10 கிராம் தேன் கொடுத்தார்கள். இருமி இருமித் தொண்டை புண்ணாகி நோகிறவருக்கு இதனால் ஆறுதல் உண்டு. இருமலே இல்லாத தொண்டை நோவுக்குத் தேன் பூச்சாக நின்று இதம் தரும். அதைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம். நீரிழிவு உள்ள பெரியவர்கள் தேனையும் பனங்கற்கண்டையும் ‘இயற்கை’ என்ற பெயரில் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். இரத்தத்தில் சேரும்போது அதுவும் சீனிதான்.

தேனில் மன்னிக்க முடியாத தவறு ஒன்று இருக்கிறது: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுப்பது. நாக்கில் ஒரு துளி தடவுவதும் இதில் அடங்கும். தேனில் சில வேளை இருக்கும் ஒரு நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்சும் பலம் குறைதல், அழுகை மெலிதல், இமை தொங்குதல் என்று அது தெரியவரும். வீட்டுச் சூட்டில் அந்த வித்துகள் அழியாது. காய்ச்சிய தேனும் கூடாது.

சூப்பும் மாத்திரைகளை மருந்துக்கடையில் எல்லாம் ஒன்றென்று நினைத்து வாங்குகிறோம். பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஸ்ட்ரெப்சில்ஸின் சாதாரண வகையில் இருப்பது கிருமிநாசினி. வேறு சிலவற்றில் லிடோகெயின், பென்சோகெயின் போன்ற மரக்கவைக்கும் மருந்து. இன்னும் சிலவற்றில் ஃப்ளர்பிப்ரோஃபென் என்ற அழற்சி நீக்கி. பெரியவர்களில் இவை நோவைச் சிறிதளவு குறைக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. கடித்து விழுங்கினால் காசுதான் வீண். மெல்லக் கரைந்தால்தான் மருந்து தொண்டையில் நிற்கும். மருந்தில்லாத இனிப்போ பனங்கற்கண்டோ வாயில் அடக்கினாலும் எச்சில் ஊறி வறட்சி நீங்கும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதையும் சூப்பக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் அடைக்கும்.

ஃப்ளர்பிப்ரோஃபென் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அது இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் ஆகியவற்றின் இனம். மழைக்காலத்தில் நமது மாவட்டத்தில் டெங்கு பரவும்போது, காய்ச்சலோடு வரும் தொண்டை நோவுக்கு இந்த இனமும் அஸ்பிரினும் ஆபத்து. இரத்தக் கசிவைக் கூட்டலாம். காய்ச்சல் இருந்தால் பரசிற்றமோல் மட்டும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. பிள்ளைக்கு நிறையைப் பார்த்து. காய்ச்சல் மூன்றாம் நாளையும் எட்டினால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவளுக்கு மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறாள், குரல் கம்மியிருக்கிறது, காய்ச்சல் இலேசாக. இது வைரசின் சாயல். உப்புநீரும் தேனும் போதும். ஒன்பது வயதுத் தம்பிக்கோ திடீரென்று தொண்டை நோ, 39 பாகை காய்ச்சல், இருமலோ மூக்கொழுகலோ இல்லை. தாடைக்குக் கீழே தொட்டால் நோகும் கட்டிகள். டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்நாக்கின் இரு பக்கமும் சிவந்து வெள்ளைப் புள்ளிகள். இது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியாவாக இருக்கக்கூடும். இருவருக்கும் ஒரே உப்புநீரைக் கொடுத்து, நான்காம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடைவதுதான் பெரிய தவறு. மருந்தில்லாவிட்டாலும் அந்தக் காய்ச்சல் சில நாளில் இறங்கும். ஆனால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கி, வாதக்காய்ச்சல் வந்து, இதய வால்வுகள் பழுதாகும். நோ தொடங்கி ஒன்பது நாளுக்குள் தகுந்த மருந்தைத் தொடங்கினால் இதைத் தடுக்கலாம். தம்பியை மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் பென்சிலின் எழுதினால், மூன்றாம் நாள் சுகமானாலும், சொன்ன நாள் முழுவதும், வழக்கமாகப் பத்து நாள், கொடுத்து முடிக்க வேண்டும். தம்பியின் மருந்தில் பாதியை அக்காவுக்குக் கொடுக்கக் கூடாது. அவளுடைய வைரசுக்கு அது எதுவும் செய்யாது.

எச்சிலையே விழுங்க முடியாமல் வடியவிடுதல், வாய் திறக்க முடியாமை, ஒரு பக்கம் மட்டும் கடும் நோ, குரல் அடைத்தது போல மாறுதல், மூச்சில் இரைச்சல் ஆகிய எதையும் கண்டால் உப்புநீர் காய்ச்சிக்கொண்டு நிற்க வேண்டாம். இரவானாலும் 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.