போர்டு முன் தணிக்கைக் குறிப்புகள்: எதை முதலில் சொல்வது, கூடவே என்ன செய்யச் சொல்வது

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு உள்தணிக்கை சட்டப்படி கட்டாயம். பட்டயக் கணக்காளர்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் மூட்டை எண்ணுவதும் பில் புரட்டுவதும் பெரும்பாலும் அவர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பிள்ளைகள்தான். சில சமயம் போர்டு முன்னால் பேசுவதும் அவர்கள் தலையில் விழும். அவர்களுக்காக இது.

மன்னார்குடிப் பக்கம் இப்படி ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரக்கடை நடத்துகிறது, உறுப்பினர்களுக்கு விதைநெல் தருகிறது. இயக்குநர்கள் பத்துப் பேரும் விவசாயிகள். மே மாதத் தணிக்கையில் நான்கு விஷயங்கள் தென்பட்டன. கடனுக்குக் கொடுத்த இடுபொருளில் 41 உறுப்பினர்களிடம் 3.4 லட்சம் ரூபாய் நிலுவை. பார்த்த 60 செலவுச் சீட்டுகளில் 9-இல் கையெழுத்து இல்லை. சம்பாவுக்கு வைத்திருக்கும் சி.ஆர். 1009 விதைநெல்லுக்குப் பிப்ரவரிக்குப் பிறகு ஈரப்பதம் பார்த்த பதிவே இல்லை. யூரியா இருப்பு, விவசாயியின் ரேகை வாங்கிப் பில் போடும் பிஓஎஸ் மெஷின் கணக்குப்படி 390 மூட்டை, குடோனில் 312.

படி 1: அளவுகோலை முதலில் எழுதுங்கள்

குறிப்புகளை வரிசைப்படுத்தும் முன், எது பெரிய பாதிப்பு என்பதை இந்த நிறுவனத்துக்கு ஏற்றபடி எழுதித் தலைவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மூன்று நிலை போதும். உரிமத்துக்கு ஆபத்து வந்தாலோ, உறுப்பினர்களின் ஒரு போகம் கெட்டாலோ பெரியது. இரண்டு லட்சத்துக்கு மேல் பண இழப்பு நடுத்தரம். உள்ளுக்குள்ளேயே சரிசெய்யக்கூடியது சிறியது. குறிப்புகளைப் பார்த்த பிறகு அளவுகோல் எழுதினால், யாருக்குச் சங்கடமோ அவருக்குத் தோதாக அது வளைந்துவிடும்.

வாய்ப்புக்கு ஐந்துக்கு இத்தனை, பாதிப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பெருக்கும் முறையைப் பல புத்தகங்கள் சொல்கின்றன. சின்ன போர்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எப்போதாவது வரும் பேரிழப்பும் தினமும் நடக்கும் அற்பத் தவறும் 1×5, 5×1 என்று ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

படி 2: வரிசைப்படுத்துங்கள்

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். நடந்தால் எவ்வளவு அடி? நடக்க எவ்வளவு வாய்ப்பு? எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும்?

பணத்தை மட்டும் பார்த்தால் 3.4 லட்சம் நிலுவைதான் மேலே வரும். 78 மூட்டை யூரியா, மூட்டை 266.50 வீதம், 20,787 ரூபாய்தான். ஆனாலும் முதலிடம் யூரியாவுக்கே. காரணம், உரத்துக்கான மத்திய அரசின் மானியம், கடையில் மெஷின் வழியாக நடக்கும் விற்பனையை வைத்துத்தான் உர நிறுவனங்களுக்குப் போகிறது. மெஷின் கணக்கும் குடோன் கணக்கும் ஒத்துப்போகாத கடையின் உரிமத்தை, 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கும் நேரத்தில் கடை பூட்டிக் கிடந்தால் அடி எவ்வளவு என்று டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். குடோனில் குறைவாக இருந்தால் பில் போடாமல் மூட்டை வெளியே போயிருக்கிறது. அதிகமாக இருந்தால், வந்த சரக்கை மெஷினில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கொடுக்காமலே பில் மட்டும் ஓடியிருக்கிறது. இந்தக் கடைசி வகை இன்னும் மோசம்.

விதைநெல்லுக்கு இரண்டாமிடம். சான்று விதைநெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முளைப்புத்திறன் 80-க்குக் குறையக் கூடாது. தவறினால் நாற்றங்காலே போச்சு. பாதிப்பு யூரியாவைவிடக் குறைந்ததல்ல, ஆனால் சம்பா விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. முளைப்புச் சோதனைக்கு 14 நாள் போதும். நிலுவை மூன்றாவது. கையெழுத்து கடைசி.

படி 3: காரணத்தைக் கண்டுபிடித்து நடவடிக்கையை எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். “இருப்புக் கட்டுப்பாட்டை வலுப்படுத்த வேண்டும்” என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்காது. கடையில் உட்கார்ந்து பாருங்கள். வயல் வேலையில் ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்பதில்லை, வெளியே வரிசை நீள்கிறது, விற்பனையாளர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு மூட்டையைக் கொடுத்துவிடுகிறார். பிறகு பில் போட மறந்துபோகிறது. இதுதான் காரணம் என்றால் ஊழியரைக் கண்டிப்பதால் எதுவும் மாறாது. குறிப்பு இப்படி இருக்கலாம்:

> இருக்க வேண்டியது: மெஷினில் பில் விழாமல் மூட்டை வெளியே போகக் கூடாது.
> இருந்தது: 78 மூட்டை யூரியா குறைவு. நோட்டில் 64-க்குப் பெயர் இருக்கிறது, 14-க்கு இல்லை.
> காரணம்: ரேகை பதியாதபோது நோட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள், மாலையில் ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை.
> விளைவு: ஆய்வு வந்தால் உர உரிமத்துக்கு ஆபத்து.
> உடனடி நடவடிக்கை: நோட்டில் எழுதிக் கொடுப்பது இன்றோடு நிறுத்தம். 78 மூட்டைக்கும் சிஇஓ ஒரு வாரத்தில் எழுத்தில் கணக்குத் தர வேண்டும்.
> நிலையான நடவடிக்கை: தினமும் கடை மூடும்போது விற்பனையாளர் அல்லாத ஒருவர் மூட்டை எண்ணி மெஷினோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். பொறுப்பு: கணக்காளர். தொடக்கம்: ஜூன் 10.

கணக்கில் வராத 14 மூட்டையை 64-க்குள் கரைத்துவிடாதீர்கள். அது வேறு கேள்வி. கணக்கை நேராக்க, வாங்காத விவசாயி பெயரில் பில் போடும் யோசனை யாருக்காவது வரும். அது குறையைக் குற்றமாக்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 4: சிஇஓ முதலில் பார்க்கட்டும்

போர்டு கூட்ட அறிவிப்பு குறைந்தது ஏழு நாள் முன்பே போக வேண்டும் என்பது சட்டம். வரைவு அதற்கும் முன்னால் சிஇஓ கையில் இருக்கட்டும். எண்ணில் தகராறு என்றால் அப்போதே தீரும். கருத்தில் ஒத்துவராவிட்டால் குறிப்பை நீக்காமல், அவர் பதிலை அதன் கீழேயே சேருங்கள்.

நிலுவைப் பட்டியலில் ஒரு இயக்குநரின் பெயரும் இருக்கலாம். போர்டுக்குப் போகும் தாளில் பெயர்கள் வேண்டாம், மொத்தத் தொகை போதும். பெயர்ப் பட்டியலைத் தலைவரிடம் தனியாகக் கொடுங்கள். நிலுவை பற்றிப் போர்டு முடிவெடுக்கும்போது சம்பந்தப்பட்டவர் விலகி நிற்கச் சொல்வது தலைவரின் வேலை.

படி 5: கூட்டத்தில்

ஒரே ஒரு தாள், தமிழில், வரிசைப்படி. இருபது நிமிடம் கிடைத்தால் பாதியை முதல் குறிப்புக்கே கொடுங்கள். கையெழுத்துச் சமாச்சாரத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். எப்படியும் ஒருவர் கேட்பார்:

“என்ன தம்பி, எழுபத்தெட்டு மூட்டைக்கா இவ்வளவு பேச்சு? மூணு லட்சம் வெளிய நிக்குதே.”

“நிலுவை அறுவடைக்குப் பிறகு வசூலாகலாம் ஐயா. உரிமம் போனால் இந்தக் குறுவைக்குத் திரும்பாது.”

அவ்வளவுதான் பதில். சட்டப் பிரிவுகளை அடுக்கினால் கேட்பவர் கவனம் போய்விடும்.

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஏற்கிறோம், மாற்றி ஏற்கிறோம், ஏற்கவில்லை என்று ஒரு முடிவு வாங்குங்கள். “பார்த்துக்கலாம்” முடிவு ஆகாது. ஏற்கவில்லை என்றால் அது அவர்கள் உரிமை, ஆனால் காரணத்தோடு கூட்டக் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

படி 6: அடுத்த கூட்டம்

போர்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பதால் அடுத்த வாய்ப்பு தூரத்தில் இல்லை. முடிந்துவிட்டது என்று சிஇஓ சொன்னாலும் நேரில் பார்க்காமல் முடிந்ததாக எழுதாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு மாலை கடைக்குப் போய் மூட்டை எண்ணி, அன்றைய ஒப்பீட்டுத் தாளைக் கேளுங்கள். ஒரு மாதத் தாள்கள் அத்தனையும் ஒரே மையில், ஒரே வேகக் கையெழுத்தில் இருந்தால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதாகத்தான் இருக்கும். அந்தக் குறிப்பு திறந்தே இருக்கட்டும். தேதியைத் தள்ளிவைக்க வேண்டுமானால் அதைப் போர்டு முடிவு செய்யட்டும், சிஇஓவோ நீங்களோ அல்ல.